உள்விசாரணையில் சாட்சியத்தைப் பதிவு செய்வது எப்படி: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"சார், நாளை மறுநாள் என்கொயரி. சாட்சி சொல்லச் சொல்ல எழுதணுமா, இல்ல பேசி முடிச்சப்புறம் சுருக்கமா டைப் பண்ணிக் கையெழுத்து வாங்கிக்கலாமா? போன்ல ரெக்கார்டு பண்ணிட்டாப் போதாதா?"

ஒரு நூற்பாலையின் பணியாளர் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் போனில் கேட்டது இது. தொழிலாளி மீதான குற்றச்சாட்டை நிர்வாகமே விசாரிக்கும் உள்விசாரணையைத்தான் அவர் சொன்னார். ஆண்டுக்கு நாலைந்து பேராவது என்னிடம் இதே கேள்வியோடு வருகிறார்கள். நான் மில்லில் தொழிலாளியாக இருந்தபோது, குற்றச்சாட்டுக்கு ஆளான சக தொழிலாளிக்கு உதவியாளராக விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பிற்பாடு பணியாளர் அலுவலரானேன். நிர்வாகத் தரப்பை எடுத்துச் சொல்பவராகவும், விசாரணை அலுவலராகவும் உட்கார்ந்தேன். மேசையின் மூன்று பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. அந்த அறையில் எழுதப்படும் தாள்களை முக்கியமாகப் படிக்கப்போகிறவர் அன்று அங்கே இருப்பதே இல்லை. தொழிலாளி வேலைநீக்கத்தை எதிர்த்துப் போகும்போது, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, தொழிலாளர் நீதிமன்ற நீதிபதி அவற்றைப் பிரிக்கிறார். யாருடைய முகமும் குரலும் அவருக்குத் தெரியாது. தாளில் இருப்பதுதான் அவருக்கு நடந்தது.

அவர் என்ன பார்ப்பார் என்பது மர்மம் இல்லை. சூர் எனாமல் வழக்கில் 1963-லேயே உச்ச நீதிமன்றம் ஐந்து விஷயங்களை எடுத்து வைத்துவிட்டது. தொழிலாளிக்குக் குற்றச்சாட்டு தெளிவாகத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். சாட்சிகள் அவர் முன்னிலையில் விசாரிக்கப்பட வேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு வாய்ப்பு வேண்டும். தன் தரப்புச் சாட்சிகளை நிறுத்தவும், தானே சாட்சி சொல்லவும் வாய்ப்பு வேண்டும். கடைசியாக, விசாரணை அலுவலர் தன் முடிவைக் காரணங்களோடு எழுத வேண்டும். பதிவின் வேலை, இவை நடந்ததைத் தாளிலேயே காட்டுவது.

காட்டத் தவறினால் என்ன ஆகும்? உள்விசாரணை முறையாக நடந்ததா என்பதைத்தான் நீதிமன்றம் வழக்கமாக முதலில் எடுத்துக்கொள்ளும். முறையாக நடக்கவில்லை என்று முடிவானாலும் நிர்வாகம் கேட்டுக்கொண்டால் நீதிமன்றத்திலேயே குற்றச்சாட்டைப் புதிதாக நிரூபிக்கலாம் என்று 1973-இல் ஃபயர்ஸ்டோன் வழக்கில் தீர்ப்பானது. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அதற்குள் கண்ணால் பார்த்த ஃபிட்டர் வேறு ஊருக்குப் போயிருப்பார், சூப்பர்வைசர் வேலையை விட்டிருப்பார். தொழிலாளிக்கும் இது நல்லதில்லை. குறுக்கு விசாரணையில் அவர் சாட்சியை மடக்கிய இடம் பதிவில் இல்லாவிட்டால், அது நடக்காததாகவே ஆகிவிடும். நேர்மையான பதிவு இரு தரப்புக்கும் வேண்டியது என்று நான் சொல்வது இதனால்தான்.

எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகள் கேட்பேன்.

முதலாவது, "நான் இப்படிச் சொல்லவே இல்லை" என்று யாராவது பின்னால் மறுத்தால் பதிவு நிற்குமா? இரண்டாவது, குறுக்கு விசாரணை உயிரோடு இருக்குமா? அதாவது என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்பது பின்னால் படிப்பவருக்குத் தெரியுமா? மூன்றாவது, கையெழுத்துப் போட்ட தொழிலாளிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்ததா? நான்காவது, எவ்வளவு நேரமும் ஆளும் பிடிக்கும்? இதில் அன்றைக்குத் தெரியாமல் பின்னால் வரும் செலவையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

எல்லா வழிகளையும் ஒரே சம்பவத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். இப்படி ஒரு வழக்கு என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 12, இரவு ஷிப்ட், மணி 2.40. ரிங் பிரேமில் நிற்கும் தொழிலாளியை, வராதவரின் இயந்திரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார் சூப்பர்வைசர். தொழிலாளி மறுக்கிறார். அதோடு கெட்ட வார்த்தையில் திட்டி, சட்டையைப் பிடித்துத் தள்ளினார் என்பது குற்றச்சாட்டு. சூப்பர்வைசர் நிர்வாகத் தரப்பின் முதல் சாட்சி, சுருக்கமாக நி.சா.1. கொஞ்சம் தள்ளி நின்ற ஃபிட்டர் இரண்டாம் சாட்சி, நி.சா.2. வேறு யாரும் பார்க்கவில்லை. ஆக, வழக்கு முழுக்க அந்த ஃபிட்டரின் வாயில்தான் இருக்கிறது.

வழி 1: முடிந்த பிறகு எழுதும் சுருக்கக் குறிப்பு

கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதுவதுபோல, விசாரணை முடிந்ததும் அலுவலர் தன் அறைக்குப் போய் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்புவது. ஃபிட்டரின் சாட்சியம் அதில் இப்படி வரும்:

> "நி.சா.2 விசாரிக்கப்பட்டார். சம்பவத்தை நேரில் பார்த்ததாகவும், தொழிலாளி சூப்பர்வைசரைத் தகாத வார்த்தைகளால் திட்டித் தள்ளியதாகவும் கூறினார். தொழிலாளி குறுக்கு விசாரணை செய்தார். சாட்சி தன் கூற்றில் உறுதியாக இருந்தார்."

படிக்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் சாட்சியின் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. "தகாத வார்த்தை" என்பது அலுவலரின் முடிவு. சாட்சி கேட்ட சொல் என்ன என்பது போய்விட்டது. "உறுதியாக இருந்தார்" என்பதும் முடிவுதான். அதை விசாரணை அறிக்கையில் காரணத்தோடு எழுதலாம், பதிவில் எழுதக் கூடாது. குறுக்கு விசாரணை நடந்தது என்பது மட்டும் தெரிகிறது. என்ன நடந்தது என்பது தெரியவில்லை.

மறைந்திருக்கும் செலவு பெரிது. தாளை எழுதியவர் விசாரணை அலுவலர், எழுதிய நேரம் பிற்பகல், எழுதும்போது தொழிலாளி அங்கே இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துத் தொழிலாளியின் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கேட்டால் பதில் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் அப்படித்தான் நடந்தது. குற்றம் உண்மையில் நடந்திருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் குறுக்கு விசாரணைக் கேள்விகள் ஒன்றுகூடப் பதிவில் இல்லாததால், விசாரணையே முறையற்றது என்றாகி எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

இந்த வழி பொருந்தும் இடமும் உண்டு. காலதாமதமாக வருவது போன்ற சிறு தவறு, தொழிலாளி எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறார், எச்சரிக்கையோடு முடியப்போகிறது என்றால் சுருக்கக் குறிப்பு போதும். அப்போதும் ஒப்புதலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, அந்த இடத்திலேயே கையெழுத்து வாங்க வேண்டும். வேலை போகக்கூடிய குற்றச்சாட்டு என்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

வழி 2: உடனுக்குடன் எழுதும் தொடர் வாக்குமூலம்

சாட்சி சொல்வதை, அவர் சொல்லும்போதே, "நான்" என்று தன்மையில் தொடர்ச்சியாக எழுதுவது. நீதிமன்றங்களில் சாட்சியம் எழுதும் பழைய முறை இதுதான். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை அலுவலர் சாட்சியை நிறுத்தி, உரக்கச் சொல்லி எழுத வைப்பார். தொழிலாளி கேட்டுக்கொண்டே இருப்பதால், தவறாக எழுதினால் அங்கேயே ஆட்சேபம் சொல்ல முடியும்.

> "நான் அன்று 6-ஆம் பிரேமில் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினேன். 9-ஆம் பிரேம் பக்கம் தொழிலாளியும் சூப்பர்வைசரும் நின்றார்கள். தொழிலாளி சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்தார். சூப்பர்வைசர் பின்னால் சாய்ந்தார்."

முதல் விசாரணைக்கு, அதாவது நிர்வாகத் தரப்பு தன் சாட்சியைக் கேட்கும் பகுதிக்கு, இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. வேகமாகப் போகும், படிக்க எளிது, சாட்சியின் சொற்களும் தங்கும். சாட்சி கெட்ட வார்த்தையைச் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். எழுதக் கூசுகிறது என்று "தகாத சொல்" என்று மாற்றினால், அது வசவா, வழக்கமான மில் பேச்சா என்று படிப்பவரால் முடிவு செய்ய முடியாது. மிரட்டல் குற்றச்சாட்டிலும் அப்படியே: "மிரட்டினார்" என்று எழுதாமல், என்ன சொல்லி மிரட்டினார் என்று எழுத வேண்டும்.

ஆனால் குறுக்கு விசாரணையையும் இதே நடையில் எழுதும்போது சிக்கல் வருகிறது. தொழிலாளி கேட்ட கேள்வி மறைந்து, "6-ஆம் பிரேமிலிருந்து 9-ஆம் பிரேம் முழுதாகத் தெரியாது. நான் பார்க்கவில்லை என்பது சரியல்ல" என்று வரும். முதல் வாக்கியம் சாட்சி தானாகச் சொன்னதா, வற்புறுத்திக் கேட்டபின் சொன்னதா என்பது தெரியாது. இரண்டாவது, "நீங்கள் பார்க்கவே இல்லை என்கிறேன்" என்று தொழிலாளி சொன்னதை மறுத்த பதில்; நீதிமன்றப் பழக்கம் உள்ளவருக்குப் புரியும், தொழிலாளிக்குப் புரியாது.

நேரம் மிச்சமாக இன்னொரு கிளை வழி உண்டு. சாட்சி முன்பே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தையே முதல் விசாரணையாக ஏற்றுக்கொள்வது. இது கூடாது என்றில்லை. சாட்சி விசாரணைக்கு நேரில் வந்து அதைத் தன்னுடையதென்று உறுதி செய்ய வேண்டும். தொழிலாளி குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். ஆனால் நகலை முன்கூட்டியே தொழிலாளியிடம் கொடுத்திருக்க வேண்டும். குறைந்தது இரண்டு நாள் முன்னதாக என்று கேசோராம் காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று காலை நீட்டிவிட்டு, "படிச்சிட்டுக் கேளுங்க" என்பது வாய்ப்பு ஆகாது. நகல் கொடுத்த தேதியும், வாங்கிக்கொண்டதற்கான கையெழுத்தும் பதிவில் இருக்கட்டும்.

வழி 3: கேள்வி, பதில், சொல்லுக்குச் சொல்

ஒவ்வொரு கேள்விக்கும் எண் போட்டு, கேட்டது கேட்டபடி, சொன்னது சொன்னபடி எழுதுவது. நம் ஃபிட்டரின் குறுக்கு விசாரணை இப்படி இருந்தது என்று வையுங்கள்:

> கே.7: நீங்கள் நின்ற இடத்துக்கும் 9-ஆம் பிரேமுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?
> ப: 7, 8 பிரேம்கள் இருக்கின்றன.
> கே.8: அவற்றின் மேலே ரோவிங் பாபின்கள் தொங்கிக்கொண்டிருந்தனவா?
> ப: ஆமாம். ஓடிக்கொண்டிருந்த பிரேம்.
> கே.9: அப்படியானால் சட்டையைப் பிடித்த கையை நீங்கள் பார்த்திருக்க முடியாது என்கிறேன்.
> ப: (சிறிது நேரம் பேசாமல் இருந்தார்) கையைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் பின்னால் சாய்ந்ததைப் பார்த்தேன்.
> கே.10: என்ன பேசினார்கள் என்று கேட்டதா?
> ப: பிரேம் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

வழி 1-இல் "உறுதியாக இருந்தார்" என்று எழுதப்பட்ட அதே சாட்சி இவர். திட்டியதற்கு இவர் சாட்சியே இல்லை என்பது இங்கேதான் தெரிகிறது. தள்ளியதற்கு நேரடியாக இல்லாவிட்டாலும், சூப்பர்வைசர் சொன்னதற்குத் துணை நிற்கும் சாட்சி என்பதும் தெரிகிறது. உள்விசாரணையில் குற்றவியல் வழக்கைப்போல ஐயம் திரிபற நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால் கே.9-இன் பதில் நிர்வாகத்துக்கும் பயன்படுகிறது. இப்படிப் பதிவானதை வைத்து, "திட்டியது நிரூபணமாகவில்லை, தள்ளியது நிரூபணம்" என்று பிரித்து எழுதும் அறிக்கை நிற்கும். எல்லாமே நிரூபணம் என்று ஒரே போடாகப் போட்ட அறிக்கைதான் முதலில் விழும்.

"பேசாமல் இருந்தார்" என்பதைக் கவனித்தீர்களா? கண்ணுக்குத் தெரிந்ததை எழுதலாம். "பொய் சொல்லத் தடுமாறினார்" என்று எழுதினால் விசாரணை முடியும் முன்பே அலுவலர் முடிவு கட்டிவிட்டார் என்று ஆகும்.

இந்த வடிவத்தின் செலவு நேரம்தான். தட்டச்சு தெரிந்த ஒருவர் தனியாக வேண்டும். அலுவலரே எழுதவும் விசாரிக்கவும் முயன்றால் இரண்டும் கெடும். ஒரு மணி நேரத்தில் வாயால் முடிகிற சாட்சியம், எழுதினால் இரண்டரை மூன்று மணி நேரம் ஆகும் என்பது என் அனுபவம். தொழிலாளி தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தால், அந்தக் காலத்துக்கு அவருக்குத் தர வேண்டிய பிழைப்பூதியமும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு செலவு அலுவலருக்கு. கேள்வி பதில் வடிவம் அவரையும் காட்டிக்கொடுக்கும். தெளிவுக்காக ஒன்றிரண்டு கேள்விகளை அவர் கேட்கலாம். அவற்றை "விசாரணை அலுவலரின் கேள்வி" என்று தனியாகக் குறித்து, அதன்மேல் இரு தரப்பும் கேட்க இடம் கொடுக்க வேண்டும். பதிவில் நிர்வாகத் தரப்பின் கேள்வி ஐந்து, அலுவலரின் கேள்வி இருபது என்று இருந்தால், வழக்கு நடத்தியவர் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் முதல் வேலையாகத் தொழிலாளியையே உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்பதும் அப்படித்தான். முதலில் நிர்வாகம் தன் சாட்சிகளை நிறுத்த வேண்டும்; தொழிலாளியின் முறை அதற்குப் பிறகுதான்.

வழி 4: ஒலிப்பதிவு அல்லது வீடியோ

போனில் பதிந்துவிட்டால் ஒரு சொல் தப்பாது என்பது உண்மை. ஆனால் நீதிபதி நான்கு மணி நேர ஒலியைக் கேட்டுக்கொண்டு உட்காரப்போவதில்லை. எழுத்தாக்கித்தான் ஆக வேண்டும். ஒரு மணி நேரப் பதிவை எழுத எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்திருக்கிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடமும், "இங்கேதான் பிடிச்சார்" என்று சாட்சி கையால் காட்டும் இடமும் ஒலியில் அர்த்தமில்லாமல் நிற்கும். எழுதி முடித்தபின் சாட்சியை மறுபடி வரவழைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குள் அவர் மனம் மாறியிருக்கலாம்.

பிறகு கோப்பின் பாடு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாகக் காட்டும்போது சான்றிதழ் கேட்கிறது. கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடான ஹாஷ் மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டம் கறாராகப் பொருந்தாது என்றாலும், பின்னால் சவால் வரும்போது "இது வெட்டி ஒட்டியது" என்ற வாதத்துக்கு எதிரே நிற்க அந்த ஒழுங்கு உதவும். யாருடைய போன், எப்போது பதிந்தது, யார் நகலெடுத்தார் என்பதை அன்றே எழுதி வைக்காவிட்டால், மூன்று ஆண்டு கழித்துப் போன் மாறியிருக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு நகல் மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஆனாலும் இரண்டு சூழ்நிலைகளில் ஒலிப்பதிவை நானே வலியுறுத்துவேன். ஒன்று, மொழிபெயர்ப்பாளர் உட்காரும் விசாரணை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி தன் மொழியில் சொன்னதும், தமிழில் எழுதப்பட்டதும் ஒன்றா என்று பின்னால் சரிபார்க்க வேறு வழியே இல்லை. இன்னொன்று, காணொளி வழியே சாட்சி சொல்லும் விசாரணை. இரண்டிலும் பதிவு நடக்கிறது என்று எல்லோருக்கும் தொடக்கத்திலேயே சொல்லி, அதைத் தாளிலும் எழுதி, அன்றே தொழிலாளிக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். தொழிலாளி தன் பையில் இருக்கும் போனில் தானே பதிந்துகொண்டிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அந்தப் பதிவும் உங்கள் தாளும் ஒன்றாக இருக்கும்படி நடந்துகொண்டால் பயப்பட எதுவுமில்லை.

ஒரே பார்வையில்

| | மறுத்தால் நிற்குமா | குறுக்கு விசாரணை தெரியுமா | அன்றைய நேரம் | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|
| பின்னர் எழுதும் குறிப்பு | நிற்காது | தெரியாது | மிகக் குறைவு | மிக அதிகம் |
| தொடர் வாக்குமூலம் | நிற்கும் | பாதி தெரியும் | நடுத்தரம் | குறைவு |
| கேள்வி பதில் | நன்றாக நிற்கும் | முழுதாகத் தெரியும் | அதிகம் | மிகக் குறைவு |
| ஒலி, வீடியோ மட்டும் | பாதுகாத்தால் நிற்கும் | தெரியும், தேடி எடுக்க வேண்டும் | குறைவு | எழுத்தாக்கம், பாதுகாப்பு |

மூன்றாவது கேள்வியான மொழியை அட்டவணையில் சேர்க்கவில்லை. அது வடிவத்தைப் பொறுத்தது இல்லை. தமிழ் மட்டும் தெரிந்த தொழிலாளியின் விசாரணையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, "படித்துக் காட்டப்பட்டது" என்று கடைசியில் ஒரு வரி போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் பிறகு மொழிபெயர்த்துக்கொள்ளலாம். மூலம் தொழிலாளி படிக்கும் மொழியில் இருக்கட்டும். தமிழ் தெரியாதவர் என்றால் மொழிபெயர்ப்பாளரின் பெயர், பணி, அவரைத் தொழிலாளி ஏற்றுக்கொண்டது, எந்த மொழியில் விளக்கப்பட்டது ஆகியவை பதிவில் வேண்டும். புகார் கொடுத்த சூப்பர்வைசரையே மொழிபெயர்க்க உட்காரவைத்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த வடிவில் எழுதியும் பயன் இல்லை.

எந்த வடிவானாலும் கூடவே வேண்டிய தாள்

சாட்சியம் ஒரு பக்கம் இருக்க, அறையில் நடந்த மற்றவற்றுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நடவடிக்கைக் குறிப்பு வேண்டும். அரசுத் துறைகளில் இதைத் தவறாமல் எழுதுவார்கள். தனியார் ஆலைகளில்தான் விட்டுவிடுகிறார்கள். சவால் வரும்போது சாட்சியத்தைவிட இந்தத் தாளைத்தான் அதிகம் புரட்டுகிறார்கள் என்பது நான் கண்டது. ஏனென்றால் வாய்ப்பு கொடுக்கப்பட்டதா என்பதற்கு விடை இதில்தான் இருக்கும்.

> "காலை 10.30. தொழிலாளி வந்திருந்தார். உதவியாளர் வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்குச் சொல்லப்பட்டது. ஆலைக்கு வெளியே உள்ள தொழிற்சங்க நிர்வாகியை உதவியாளராக அனுமதிக்கக் கேட்டார். நிலையாணைப்படி சக தொழிலாளி ஒருவரையே அனுமதிக்க இயலும் என்று தெரிவிக்கப்பட்டது. வேறொருவரை ஏற்பாடு செய்ய 5 நாள் கேட்டார். வழங்கப்பட்டது. அடுத்த விசாரணை ஏப்ரல் 9, காலை 10.30. தேதி நேரில் தெரிவிக்கப்பட்டு ஒப்பம் பெறப்பட்டது. நேரம் 10.50."

கேட்டது, கொடுத்தது அல்லது மறுத்தது, மறுத்ததன் காரணம், நேரம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் இந்த நான்கும் வந்தால் போதும். மறுப்பை மறைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். காரணத்தோடு எழுதிய மறுப்பைக் காப்பாற்ற முடியும். எழுதாமல் விட்டது பின்னால் தொழிலாளியின் மனுவில் முதல் பத்தியாக வரும்.

தொழிலாளி கோபப்பட்டு எழுந்து போனால், போன நேரத்தையும், போகும்போது அவர் சொன்னதையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அவர் இல்லாமல் அன்றே சாட்சிகளை முடித்துவிட முடியும்தான். ஆனால் ஒருமுறையாவது ஒத்திவைத்து, அன்றைய பதிவின் நகலோடு அடுத்த தேதியை அஞ்சலில் தெரிவித்து, அப்போதும் வராவிட்டால் மட்டும் ஒருதலைப்பட்சமாக நடத்துவதே நியாயம் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். "படித்துக் காட்டப்பட்டது, கையெழுத்திட மறுத்தார், காரணம் கேட்டதற்கு இவ்வாறு சொன்னார்" என்று எழுதி, அறையில் இருந்த மற்றவர்கள் ஒப்பமிடலாம். "இதில் ஒரு வரி தப்பு" என்று அவர் சொன்னால், அந்த ஆட்சேபத்தை அதே பக்கத்தில் அவரே தன் கையால் எழுத விடுங்கள்.

ஆவணங்களைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. சூப்பர்வைசர் கொடுத்த புகார்க் கடிதத்தைக் கோப்பில் வைத்ததாலேயே அது நிரூபணமாகிவிடாது. ரூப் சிங் நேகி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: ஆவணத்தைக் காட்டினால் போதாது, அதில் உள்ளதைச் சொல்ல ஆள் வர வேண்டும். ஆகவே சாட்சி அதைக் கையில் வாங்கி, "இது நான் எழுதியது, என் கையெழுத்து" என்று சொன்ன வரி பதிவில் இருக்க வேண்டும். அங்கேயே நிர்வாகத் தரப்பின் முதல் ஆவணம் என்பதற்கு நி.ஆ.1 என்று குறியிட்டு, தொழிலாளிக்கு நகல் கொடுத்ததையும் எழுதிவிடுங்கள்.

யாருக்கு எது

வேலை போகக்கூடிய குற்றச்சாட்டு என்றால் என் தேர்வு கலப்பு வழிதான். முதல் விசாரணையைத் தொடர் வாக்குமூலமாகவும், குறுக்கு விசாரணையைக் கேள்வி பதிலாகவும் எழுதுவது. முழுவதையும் கேள்வி பதிலாக எழுதுவதைவிட இது கணிசமாக நேரத்தைக் குறைக்கிறது. தகராறு எழும் இடம் மட்டும் சொல்லுக்குச் சொல் நிற்கிறது. முதல் விசாரணையிலும், சாட்சி கேட்ட வசவு, மிரட்டல், பணம் கேட்ட பேச்சு ஆகியவை வரும்போது கேள்வி பதிலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பணக் கையாடல், பொய்க்கணக்கு போல ஆவணங்களே பேசும் வழக்கில் தொடர் வாக்குமூலமே பெரும்பாலும் போதும். அங்கே கவனம் ஆவணங்களைக் குறியிடுவதில் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறிச் சொல்லும் கைகலப்பு வழக்கு, ஒரே ஒரு சாட்சியை நம்பி நிற்கும் வழக்கு என்றால் முழுக்கக் கேள்வி பதில். மொழிபெயர்ப்பு இருந்தால் கேள்வி பதிலோடு ஒலிப்பதிவும். பாலியல் துன்புறுத்தல் புகார்கள், அவற்றுக்கென்றே சட்டப்படி நிறுவனத்தில் அமைக்கப்படும் உள்குழுவின் வேலை. அங்கே ரகசியம் காப்பது சட்டக் கடமை என்பதால், இந்த ஒப்பீட்டை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம்.

எனக்குப் போன் செய்த இளைஞரிடம் கலப்பு வழியைத்தான் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திரும்ப அழைத்தார். ஃபிட்டர் ஒருவரின் சாட்சியம் மட்டும் 9 பக்கம் வந்ததாம். "பக்க எண்ணை 1/9, 2/9 என்று போட்டீர்களா?" என்று கேட்டேன். போட்டிருந்தார். திருத்தங்களை வெள்ளை மை பூசாமல் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் சாட்சியும் தொழிலாளியும் சுருக்கொப்பம் இட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் மிஞ்சிய வெற்றிடத்தில் குறுக்குக் கோடும் போட்டாயிற்று. நகலை மட்டும் மறுநாள் தரலாம் என்று வைத்திருந்தார். தொழிலாளி ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டுவதற்குள் கொடுத்து, "9 பக்க நகல் பெற்றுக்கொண்டேன்" என்று தேதியும் நேரமும் போட்டு அவர் கையால் எழுதி வாங்கச் சொன்னேன். மாலை 5.20-க்கு வாங்கிவிட்டதாக எனக்குச் செய்தி வந்தது.